அம்மாவின் பட்டன் போன் ஊமையான 19 நாட்கள்

என் அம்மாவுக்கு 79 வயது. தனியாக இருக்கிறார். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். தினமும் இரவு எட்டு மணிக்கு அவரே கூப்பிடுவார். அதற்கு அவர் வைத்திருந்தது ஒன்பது வருடம் பழைய ஒரு பட்டன் போன். எண் 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், அவ்வளவே போதுமாகவும் இருந்தது. அவர் பகுதியில் 2ஜி நெட்வொர்க்கை மூடிய பிறகு அந்த ஒரு பட்டன் திரும்ப வேலை செய்ய 19 நாட்கள் ஆனது. நடுவில் இரண்டு போன்களை வாங்கி வீணாக்கினேன். மூன்று முறை பயணம் போனேன், ஏழு நாள் விடுப்பு கரைந்தது. விஷயம் தெரிந்த ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உண்மையில் அறிகுறிகள் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டன, நான்தான் கவனிக்கவில்லை. முதலில், வாரம் முழுக்கத் தாங்கிய பேட்டரி இரண்டு நாளிலேயே தீர ஆரம்பித்தது. அப்புறம் பேசும்போது குரல் விட்டு விட்டு வந்தது. அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றால்தான் தெளிவாகக் கேட்டது. "சார்ஜ் ஒழுங்கா போடும்மா, போனைக் கீழே போட்டியா?" என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது. நெட்வொர்க்கை ஒரே நாளில் அணைப்பதில்லை. முழுதாக மூடுவதற்கு முன்பே, 2ஜிக்கு ஒதுக்கிய அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 4ஜிக்குக் கொடுக்கிறார்கள், சில டவர்களில் 2ஜியை முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து டவர் போனால் போன் தூரத்து டவரைப் பிடிக்க அதிக சக்தியோடு முயற்சி செய்யும், சிக்னல் இல்லாத நேரமெல்லாம் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் ஜன்னல் ஓரம் தேவைப்படுவதற்கும் காரணம் இதுதான். பழைய பேட்டரியும் இப்படித் தீரும் என்பது சரி. ஆனால் பேட்டரி, குரல், ஜன்னல் மூன்றும் ஒன்றாக மாறினால் போனைச் சந்தேகிக்காதீர்கள், நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அழைப்பு வரவில்லை. எட்டரைக்கு நான் கூப்பிட்டேன். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற பதிவுக் குரல். பத்து மணி வரை இருபது தடவையாவது முயன்றிருப்பேன். அவர் பக்கத்து வீட்டு அக்காவின் எண் என்னிடம் இல்லை. பல வருடமாக வாங்க வேண்டும் என்று நினைத்து வாங்காமலே விட்ட எண் அது. விழுந்துவிட்டாரோ, மயக்கமோ, குளியலறையில் வழுக்கிவிட்டதோ என்று மனசு எங்கெங்கோ போனது. விடியற்காலையில் கிளம்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். "நீ ஏன்மா நேத்து போனை எடுக்கலே?" என்று அவர் என்னைக் கேட்டார். அவரும் இரவெல்லாம் தூங்கவில்லை. போனில் மணி சரியாக ஓடியது, விளக்கு எரிந்தது, சிக்னல் கோடுகள் மட்டும் ஒன்றுகூட இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்ன கடித உறைப் படம் மின்னிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாக மின்னுகிறது என்று கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தானே இருக்கும்" என்றார்.

அந்த மின்னும் உறைக்கு என்ன அர்த்தம் என்பது அன்று மாலைதான் தெரிந்தது. அதற்குள் முதல் தவறைச் செய்துவிட்டேன். போன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதே மாதிரி இன்னொரு புது பட்டன் போன் வாங்கி வந்தேன். அம்மாவுக்கு அதே பட்டன்கள் கைப்பழக்கம் என்பதால் அதே கம்பெனி, கிட்டத்தட்ட அதே மாடல். சிம்மை மாற்றிப் போட்டேன். அதிலும் கோடுகள் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் `GSM 900/1800` என்று அச்சிட்டிருந்தது. 900, 1800 என்பவை அலைவரிசை எண்கள், இதில் கவனிக்க வேண்டிய சொல் `GSM`. பெட்டியில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்து, 3ஜியைக் குறிக்கும் `WCDMA`வோ 4ஜியைக் குறிக்கும் `LTE`யோ இல்லையென்றால் அது 2ஜி மட்டுமே தெரிந்த போன். ஜிஎஸ்எம் முறையில் வணிக நெட்வொர்க்கின் முதல் அழைப்பு பின்லாந்தில் 1991-ல் பேசப்பட்டது. அன்றைய மொழி மட்டுமே தெரிந்த போனைப் புத்தம் புதிதாக வாங்கி வந்திருந்தேன். 2ஜி மூடப்பட்ட இடங்களிலும் இவை கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கத்தான் செய்கின்றன.

பிறகு என் போனிலிருந்து கஸ்டமர் கேருக்குப் பேசினேன். அந்தப் பகுதியில் 2ஜி சேவையை முந்தைய நாள் மதியத்தோடு நிறுத்திவிட்டோம், நான்கு முறை எஸ்எம்எஸ் அனுப்பினோமே என்றார் அந்தப் பெண். அப்போதுதான் அந்த மின்னும் உறையைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் போனில் 200 செய்திகளுக்குத்தான் இடம். அவர் ஒன்றைக்கூட அழித்ததில்லை. விளம்பரங்கள், ரீசார்ஜ் அறிவிப்புகள், வாழ்த்துகள் என்று எப்போதோ நிரம்பிவிட்டது. இடமில்லாத போன் புதுச் செய்தியை வாங்க மறுக்கும். நெட்வொர்க் அதைச் சில நாட்கள் வைத்திருந்து மறுபடி மறுபடி முயன்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். ஆக, 2ஜி மூடுகிறது என்ற எச்சரிக்கை அம்மாவின் போனுக்குள் வரவே இல்லை. வந்திருந்தாலும் அவர் படித்திருப்பாரா என்பது வேறு கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் அந்த உறை மின்னுகிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். பழையவற்றை அழித்துவிட்டு போனைப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால், வெளியே காத்திருந்த செய்திகள் வரிசையாக வரும். முடிந்தால் சிம் கம்பெனியின் கணக்கில் மாற்றுத் தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

இது அம்மாவின் பகுதியில் மட்டும் நடப்பதில்லை என்பது அன்று இரவு தேடிப் படித்தபோது தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பெரிய நிறுவனமான டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலேயே 2ஜியை மூடிவிட்டது. சிங்கப்பூரில் 2017-ல் மூடினார்கள். பிரிட்டன் நிறுவனங்கள் 2033-க்குள் முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றன. ஜெர்மனி போன்ற சில நாடுகளில் முதலில் 3ஜியைத்தான் மூடினார்கள், 2ஜியை விட்டுவைத்தார்கள். இந்தியாவில் ஜியோ 2016-ல் தொடங்கும்போதே 2ஜி இல்லாமல்தான் தொடங்கியது. இடத்துக்கு இடம், நிறுவனத்துக்கு நிறுவனம் தேதி மாறும். அதனால் "எங்க நாட்டில் இன்னும் இருக்கிறது" என்பது போதாது. பெரியவர் இருக்கும் அந்தப் பகுதியில், அவர் வைத்திருக்கும் அந்த சிம் கம்பெனியில் எப்போது என்று கேட்க வேண்டும்.

4ஜி போன் வேண்டும் என்று புரிந்துவிட்டது. தொடுதிரை போன் கொடுக்க எனக்கு மனமில்லை. அம்மாவின் விரல்கள் நடுங்கும், திரையில் எங்கே பட்டாலும் எதுவோ திறக்கும். பட்டன்கள் உள்ள 4ஜி போன்களும் இருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பி வந்து இணையத்தில் ஒன்றைப் பார்த்து ஆர்டர் செய்தேன். பெட்டியிலேயே `4G VoLTE` என்று பெரிதாகப் போட்டிருந்தது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று என் வீட்டிலேயே என் சிம்மைப் போட்டுச் சோதித்தேன். திரையில் `4G` என்று வந்தது, நான்கு கோடுகளும் நிறைந்திருந்தன. தங்கைக்குப் பேசினேன், தெளிவாகக் கேட்டது. அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன், வந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தச் சோதனையில் ஒன்றை என் கண் பார்த்தது, மனசு வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணை அழுத்தி அழைப்பு போக ஐந்தாறு நொடி ஆனது. அந்த நொடிகளில் மேலே இருந்த `4G` மறைந்து `E` என்று மாறியது. பேசி முடித்ததும் மறுபடி `4G` வந்தது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். 4ஜி நெட்வொர்க் அடிப்படையில் டேட்டாவுக்காகக் கட்டப்பட்டது, பழைய முறையில் குரலைக் கொண்டுபோகும் வழி அதில் கிடையாது. 4ஜியின் மேலேயே குரலை டேட்டாவாக அனுப்பும் முறைக்குத்தான் வோல்ட்டி என்று பெயர், திரையில் `VoLTE` என்றோ `HD` என்றோ வரும். போனில் வோல்ட்டி வேலை செய்யவில்லையென்றால், அழைப்பு வரும்போதெல்லாம் போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கி, 3ஜியோ 2ஜியோ எது இருக்கிறதோ அதில் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். `E` என்பது 2ஜியின் அடையாளம். என் ஊரில் 2ஜி இன்னும் இருந்தது, அதனால் அந்த போன் இறங்க ஒரு படி இருந்தது. அம்மா ஊரில் அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள்.

இது புரியாமல்தான் ஏழாவது நாள் அம்மா வீட்டுக்குப் போனேன். போனில் அம்மாவின் சிம்மைப் போட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோடுகளே இல்லை. என் சிம்மைப் போட்டால் `4G` வருகிறது, அம்மாவுடையதைப் போட்டால் சேவை இல்லை என்கிறது. அரை நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு சிம் கம்பெனியின் அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த பையன் சிம்மைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டான், "இது ரொம்பப் பழைய சிம்மும்மா, 4ஜியில் ஏறாது." பழைய 2ஜி சிம்முக்குள் இருக்கும் அடையாளச் சோதனை ஒருவழிப் பாதை. இந்த சிம் உண்மையானதா என்று நெட்வொர்க் பார்க்கும், ஆனால் நெட்வொர்க் உண்மையானதா என்று சிம்மால் பார்க்க முடியாது. 4ஜியில் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். அதற்கான நிரல் உள்ள புது வகை சிம் இல்லாமல் 4ஜி உள்ளேயே விடாது. எண் மாறாது, கார்டை மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை என்றான்.

அந்தப் பத்து நிமிட வேலைக்குப் பதினோரு நாள் ஆனது. காரணம், அந்த எண் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாதான் அதைப் பயன்படுத்துகிறார் என்பதால் எங்களில் யாருக்கும் பெயர் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெயர் யாருடையதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் சிம்மை மாற்றித் தருவார்கள், அது நியாயமான விதிதான், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் நம் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் எங்களுக்கு அது சுவராக நின்றது. இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாளச் சான்று, இருவருக்கும் உள்ள உறவுக்கான சான்று எல்லாம் கொடுத்து, எண்ணை முதலில் அம்மா பெயருக்கு மாற்றி, அப்புறம்தான் சிம். சான்றிதழ் நகல் சரியில்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் அம்மாவின் வங்கிக் கணக்குக்கான ஓடிபி எல்லாம் அந்தச் செத்துக்கிடந்த எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மருந்து வாங்க நான் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா தினமும் இரவு பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து பேசினார். அடுத்தவர் வீட்டில் நின்று பேசுவதால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அவர் குரலில் இருந்த அந்தக் கூச்சம்தான் என்னை அதிகம் வதைத்தது.

உங்கள் வீட்டில் பெரியவர் பேசும் எண் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இறந்துபோன துணையின் பெயரிலோ, இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரிலோ இருந்தால், 2ஜி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எண் வேலை செய்யும்போது அதே எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து முடிக்கக்கூடிய வேலைகள், அது செத்த பிறகு இரட்டிப்பு வேலையாகிவிடும். இன்னொன்று, சிம் மாற்ற அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும் என்று பெரியவரிடம் அழுத்திச் சொல்லி வையுங்கள். "உங்க சிம்மை 4ஜிக்கு மாத்துறோம், வந்த எண்ணைச் சொல்லுங்க" என்று போனில் கேட்பவர் அந்த எண்ணைத் திருட வந்தவர்.

18-வது நாள் மூன்றாம் பயணம். புது சிம் அம்மா பெயரில் கையில் வந்தது. அந்தப் பையன் பழைய சிம்மை வாங்கி ஒடித்துக் குப்பைத் தொட்டியில் போடுவதற்காகக் கையை நீட்டினான். ஏனோ ஒரு உள்ளுணர்வில் "அது எங்ககிட்டயே இருக்கட்டும்பா" என்று வாங்கி வந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டுக்கு வந்ததும்தான் தெரிந்தது. அம்மாவின் 64 எண்களும் போனில் இல்லை, சிம்மில்தான் இருந்தன. புது சிம் காலியாக வரும். பழைய சிம்முக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் அதில் எழுதியிருக்கும் பெயர்களும் எண்களும் அழிவதில்லை. பழைய போனில் அதைப் போட்டு, பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய போனில் "சிம்மிலிருந்து போனுக்கு நகலெடு" என்ற வசதியும் இருக்கும். ஆனால் அந்த போனுக்கே சிக்னல் கிடைக்கப்போவதில்லை என்பதால் நோட்டுதான் சரியாக வந்தது. அந்த நோட்டு இப்போது அம்மாவின் மேசையில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணும் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது.

சிம் போட்டேன். `4G` வந்தது. நான்கு கோடுகள். வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்கூட வந்தது. அம்மா முகத்தில் சிரிப்பு. "கூப்பிடு" என்றேன். 2-ஐ அழுத்திப் பிடித்தார். ஒரு நொடியில் அழைப்பு துண்டானது. மறுபடி, மறுபடி. நான் கூப்பிட்டால் பழையபடி தொடர்பு எல்லைக்கு வெளியே. சிக்னல் நிறைந்திருக்கிறது, செய்தி வருகிறது, அழைப்பு மட்டும் போகவும் இல்லை வரவும் இல்லை. இந்த நிலைதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் திரையைப் பார்க்கும் எவருக்கும் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். என் வீட்டில் பார்த்த அந்த `E` அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் `VoLTE` என்று போட்டிருந்தது பொய்யில்லை, போனுக்கு அந்தத் திறன் இருந்தது. அமைப்புகளில் அது இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் வோல்ட்டி என்பது ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனி அமைப்பு விவரங்களோடு போனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட மாடல்களுக்கு மட்டுமே வோல்ட்டியைத் திறந்துவிடும். வேறொரு சந்தைக்காகச் செய்த போனை இணையத்தில் வாங்கினால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

அன்று மாலையே மறுபடி அதே அலுவலகத்துக்குப் போய், உங்கள் நெட்வொர்க்கில் வோல்ட்டி வேலை செய்யும் பட்டன் போன்களின் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பட்டியலில் பெயர் மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும் என்றும் அந்தப் பையன் சொன்னான். ஒரே பெயரில் வரும் போனுக்கு வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு மாடல் எண்கள் உண்டு, அவற்றுக்குள் இருக்கும் அலைவரிசைகளும் மென்பொருளும் வேறு. பெட்டி இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் இருக்கும். `*#06#` அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சொன்னாலும் கம்பெனியில் பார்த்துச் சொல்வார்கள், அதன் முதல் எட்டு இலக்கங்கள் போனின் மாடலைக் காட்டுபவை.

மூன்றாவது போனை வாங்கியதும் கடையை விட்டு நகராமல் சோதித்தேன். முறை இதுதான். நெட்வொர்க் அமைப்புக்குள் போய் `4G only` அல்லது `LTE only` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படிச் செய்தால் போனுக்குக் கீழே இறங்கும் வழியே இருக்காது, 2ஜி மூடிய ஊரில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். அந்த நிலையில் ஒரு அழைப்பு போக வேண்டும், ஒரு அழைப்பு வர வேண்டும், ஒரு எஸ்எம்எஸ் போய் வர வேண்டும். பேசும்போது திரையில் `4G` அல்லது `HD` அப்படியே நிற்க வேண்டும். சில பட்டன் போன்களில் இந்த அமைப்பு இருக்காது, அப்போது பேசும் நேரம் முழுக்க ஐகானைப் பார்த்தாலே போதும். `E`, `G`, `2G`, `3G`, `H` எது வந்தாலும் அந்த போன் இன்னும் பழைய நெட்வொர்க்கை நம்பித்தான் பேசுகிறது. 2ஜி இன்னும் மூடாத ஊரில் இருப்பவர்கள் இந்தச் சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே பிரச்சினை தெரிந்துவிடும். சோதித்து முடித்ததும் அமைப்பைப் பழையபடி தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள்.

அவசர அழைப்பை மட்டும் இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது, உண்மையான ஆபத்தில் இருப்பவரின் வரிசையை நாம் அடைத்துவிடுவோம். கம்பெனியிடம் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியை மூடும்போது இது பெரிய பிரச்சினையானது. சாதாரண அழைப்பு 4ஜியில் நன்றாகப் போகும், ஆனால் அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கும்படி அமைக்கப்பட்ட போன்கள் ஏராளமாகப் புழக்கத்தில் இருந்தன. அத்தகைய போன்களைக் கண்டுபிடித்து நெட்வொர்க்கிலிருந்தே தடுக்கும்படி அங்கே விதி கொண்டுவந்தார்கள். ஆக "சாதாரண அழைப்பு போகிறது" என்பது "அவசர அழைப்பும் போகும்" என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "இந்த மாடலில் அவசர அழைப்பு வோல்ட்டி வழியாகப் போகுமா?" என்று தனியாகவே கேளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் அம்மா கழுத்தில் தொங்கிய அந்த அவசரப் பொத்தான் கண்ணில் பட்டது. அப்பா போன பிறகு நான் வாங்கிக் கொடுத்தது. அழுத்தினால் மூலையில் இருக்கும் பெட்டி எனக்குக் கூப்பிட வேண்டும். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன். என் போன் அடிக்கவில்லை. பெட்டியின் அடியைத் திருகித் திறந்தால் உள்ளே ஒரு 2ஜி சிம். பச்சை விளக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தொன்பது நாட்களும் அம்மா அதைத் தொட்டுக்கொண்டு, எனக்கு ஒன்று என்றால் இது இருக்கிறது என்று தைரியமாகத் தூங்கியிருக்கிறார். போனைப் பற்றி நான் பட்ட கவலையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. திருட்டு அலாரம், லிப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன் என்று இப்படி உள்ளே சிம்மை ஒளித்து வைத்திருக்கும் கருவிகள் வீட்டில் இருந்தால், ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிவதை நம்பாதீர்கள்.

புது போனுக்கு அம்மா பழக ஒரு வாரம் ஆனது. சிவப்புப் பட்டன் கொஞ்சம் கீழே இருக்கிறது, டார்ச்சுக்கு வேறு பட்டன். முதல் நாளே 2-ல் என்னை வைத்துவிட்டேன், 3-ல் பக்கத்து வீட்டு அக்கா. பேட்டரி பழையது மாதிரி வாரக்கணக்கில் நிற்காது, இரண்டு நாள்தான் வரும். அதனால் இரவு பேசி முடித்ததும் சார்ஜில் வைப்பது என்று பழக்கப்படுத்தினோம். டேட்டாவை அணைத்து வைத்தால் வோல்ட்டியும் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அம்மாவின் நெட்வொர்க்கில் அணைத்த பிறகும் அழைப்பு போனது, ஆனால் இதையும் உங்கள் சிம்மில் ஒரு முறை செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பழைய போனில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். பழைய நெட்வொர்க் குரலை 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே வெட்டி அனுப்பும். ஸ, ஃப போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் அவை ஒன்றுபோலவே கேட்கும். வோல்ட்டியில் இரண்டு பக்கமும் `HD` வந்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு என் போன் அடித்தது. இரண்டு நிமிடம் பேசியிருப்போம், அம்மா நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டார், "உனக்கு சளி பிடிச்சிருக்கா மா? மூக்கை உறிஞ்சுற மாதிரி இருக்கே." பிடித்துத்தான் இருந்தது.